ராத்திரி மெசேஜுக்குப் பதில் எப்போது?

ஐடியில் இருப்பவர்களுக்கு ராத்திரி ஒன்பதரைக்கு வரும் "ஃப்ரீயா?" என்ற மெசேஜைப் பற்றி விளக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் அப்போது வேலை நேரம். கிளையன்ட் ஏதோ கேட்டிருப்பார், மேனேஜர் அதை அப்படியே நம் பக்கம் தள்ளிவிடுவார். அது இன்றைக்கே வேண்டுமா என்று பல நேரம் அவருக்கே தெரியாது.

இதற்கு "எட்டு மணிக்கு மேல் மெசேஜ் பார்க்க மாட்டேன்" என்று சொல்லச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேனேஜர் காதில் அந்த "மாட்டேன்" மட்டும்தான் விழும், அப்ரைசல் வரைக்கும் அது கூடவே வரும். எப்போது பதில் வரும் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் டீமில் ஒரு பெண் இதைச் சரியாகச் செய்தார். பேசுவதற்கு முன்னால் பழைய சாட்டைப் புரட்டி, ராத்திரி வந்த மெசேஜ்களில் எது அன்றைக்கே முடிக்க வேண்டியதாக இருந்தது என்று பார்த்தார். ப்ராடக்‌ஷனில் ஏதாவது விழுந்தது மட்டும்தான். மீதியெல்லாம் ஸ்டேட்டஸ், எக்ஸெல், "அந்த டிக்கெட் என்னாச்சு" வகை. அப்புறம் மேனேஜருடன் தனியாகப் பேசும்போது சொன்னார்: "எட்டு மணிக்கு மேல வர்ற மெசேஜுக்குக் காலைல ஒன்பதரைக்குள்ள பதில் போட்டுடுறேன் சார். ப்ராடக்‌ஷன் பிரச்சினைன்னா மெசேஜ் வேணாம், கால் பண்ணுங்க. எந்த நேரமானாலும் எடுப்பேன். ரிலீஸ் வாரத்துல ராத்திரியும் பாத்துக்கறேன்."

"கிளையன்ட் வெயிட் பண்ணுவாரே" என்றார் மேனேஜர். நம் காலை ஒன்பதரை என்றால் நியூயார்க்கில் நள்ளிரவு, குளிர்காலத்தில் பதினொரு மணி. கிளையன்ட் மறுநாள் எழுந்து மெயிலைத் திறக்கும்போது பதில் அங்கே இருக்கும். அவர் அன்று மாலையே முடிவெடுக்க வேண்டியதாக இருந்தால்தான் நஷ்டம். அப்படிப்பட்டதற்குத்தான் கால் இருக்கிறதே! மேனேஜர் ஒத்துக்கொண்டார்.

இது பெரும்பாலும் கெடுவது நம் கையால்தான். சின்னக் கேள்விதானே என்று பதினொரு மணிக்கு ஒரு பதில் தட்டிவிட்டால் போதும், சொன்ன ஒன்பதரைக்கு மதிப்பு போய்விடும். ராத்திரி எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் டீம்ஸிலும் அவுட்லுக்கிலும் காலையில் போகும்படி ஷெட்யூல் செய்யலாம். அதைவிட முக்கியம், சொன்ன நேரத்துக்குப் பதில் போய்விட வேண்டும். பதில் பத்தரைக்குப் போனால் மறுநாள் ராத்திரி கண்டிப்பாக கால் வரும்.

ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்து, வேலை நேரத்துக்கு வெளியே வரும் ஆபீஸ் தொடர்புக்கு, மறுப்பது நியாயமில்லாததாக இருந்தாலொழிய, பதில் தராமல் இருக்கத் தொழிலாளிக்குச் சட்ட உரிமை உண்டு. பிரான்ஸில் 2017 முதலே அந்த மாதிரி ஏற்பாடு இருக்கிறது. நம் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாவாக வந்தது, சட்டமாகவில்லை. ஆகவே இங்கே எல்லாம் வாய்ப்பேச்சில்தான். அலவன்ஸ் வாங்கிக்கொண்டு ஆன்-கால் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ப்ரொபேஷனில் இருப்பவர்கள், கன்ஃபர்மேஷன் கடிதம் கைக்கு வந்த பிறகு இந்தப் பேச்சை எடுப்பது நல்லது.