ஒற்றுப்பிழை மட்டும் பார்க்கச் சொன்னேன்

நித்யா: நீ எழுதிய போர்ட்டல் கதையின் ஒன்பதாம் பக்கத்தில், அந்த வீடியோ கேமின் நாயகி செல் பேசுகிறாள்.

கார்த்திக்: ஆமாக்கா. நல்லா வந்திருக்கா?

நித்யா: பதின்மூன்றாம் பக்கத்திலும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

கார்த்திக்: அது அதே வசனம்தான், கொஞ்சம் நீளம். ஒற்றுப்பிழை ஏதாவது இருக்கா?

நித்யா: டேய், செல் பேச மாட்டாள். 2007-ல் வந்த போர்ட்டலில் பேசவில்லை. 2011-ல் வந்த போர்ட்டல் 2-லும் பேசவில்லை. அத்தனை பேர் அவளைத் திட்டினார்கள், ஏமாற்றினார்கள், கொல்லப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை? ம்ஹூம்.

கார்த்திக்: அதற்குத்தான் மூன்றாம் அத்தியாயத்தில் ஆபரேஷன் வைத்தேன்.

நித்யா: என்ன ஆபரேஷன்?

கார்த்திக்: தொண்டையில். பாவம்க்கா, இரண்டு ஆட்டத்திலும் யாருமே அவளுக்கு வைத்தியம் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

நித்யா: அவளுக்கு நோய் என்று யார் சொன்னது?

கார்த்திக்: சோதனைக்கூடத்தை நடத்துகிற கம்ப்யூட்டர் கிளாடோஸே அவளை ஊமை என்கிறாளே!

நித்யா: கிளாடோஸ் அவளைக் குண்டு என்றும்தான் சொல்கிறாள். ஜிம்முக்கு எந்த அத்தியாயத்தில் அனுப்புகிறாய்?

கார்த்திக்: ஐந்தாம் அத்தியாயத்தில் காலை நடைப்பயிற்சி வருகிறது.

(இந்த இடத்திலேயே என் ஓட்டு நித்யாவுக்குப் போய்விட்டது. பிடித்த ஆட்டத்தின் கதையைத் தொடர்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் பலர் செய்யும் முதல் காரியம், அதில் பிடித்த விஷயத்தைக் குணப்படுத்துவது.)

நித்யா: போர்ட்டல் 2 தொடங்கும்போது வீட்லி என்கிற உருண்டை ரோபோ வந்து அவளைப் பேசச் சொல்வானே, ஞாபகம் இருக்கிறதா?

கார்த்திக்: மூளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பார்ப்பதற்கு. ‘ஆப்பிள்’ என்று சொல்லச் சொல்வான்.

நித்யா: திரையில் பேசுவதற்கான பொத்தான் என்று ஸ்பேஸ் பட்டனைக் காட்டும். நீ அழுத்தினாய். அவள் என்ன செய்தாள்?

கார்த்திக்: குதித்தாள்.

நித்யா: அவ்வளவுதான் வசனம். அந்த ஒரு நகைச்சுவையில் ஆட்டத்தின் சுருதி மொத்தமும் இருக்கிறது. அவள் ஏன் பேசுவதில்லை என்று கடைசிவரை யாரும் காரணம் சொல்வதில்லை. நீ அதை எழுதினால், எதிரில் இருப்பவன் பேசிப் பேசி உளறிக்கொட்ட, அவள் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும்.

கார்த்திக்: அவள் மனதில் இருப்பது வாசகனுக்கு எப்படித் தெரியும்?

நித்யா: குதிக்கட்டும்.

கார்த்திக்: அக்கா, பதின்மூன்றாம் பக்கத்தில் அவள் அம்மாவைப் பற்றி மனம் விட்டு...

நித்யா: குதிக்கட்டும்.

கார்த்திக்: சோகமான காட்சி!

நித்யா: மெதுவாகக் குதிக்கட்டும். இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் நடந்ததைச் சொல்ல ஒரு காமிக்ஸ் வந்ததே, படித்தாயா? அதில் ராட்மன் என்ற விஞ்ஞானி சோதனைப் பட்டியலில் கீழே கிடந்தவளை உச்சிக்குக் கொண்டுபோகிறான். கோப்பில் இருக்கும் காரணம் ஒன்றே ஒன்று: அளவுக்கு மீறிய பிடிவாதம், எதையும் கைவிடவே மாட்டாள். அவள் குணம் அங்கேயே எழுதி வைத்திருக்கிறது. பிடிவாதக்காரி மனசு அவள் கைவேலையில் தெரியும். உன் செல் பதின்மூன்றாம் பக்கத்தில் அழுகிறாள், பதினான்கில் மன்னிக்கிறாள், பதினைந்தில் காபி கேட்கிறாள்.

கார்த்திக்: சரி, அதை விடு. கிளாடோஸ் வசனமாவது பரவாயில்லையா?

நித்யா: வாசித்துக் காட்டு.

கார்த்திக்: “செல், என் கண்ணே! நீ போனதிலிருந்து இந்தச் சோதனைக்கூடம் வெறிச்சோடிக் கிடக்கிறது. என் இதயம் உனக்காகத் துடிக்கிறது. என்னை மன்னித்துவிடு!”

நித்யா: இதில் கிளாடோஸ் எங்கே இருக்கிறாள்?

கார்த்திக்: பக்கத்தில் பெயர் போட்டிருக்கிறேனே.

நித்யா: பெயரை எடுத்துவிட்டால் உன் மாமியார் வசனம் ஆகிவிடும்.

கார்த்திக்: எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

நித்யா: இந்த வசனத்தை யாரிடமும் காட்டாமல் இருந்தால் ஆகும். டேய், கிளாடோஸ் குரலை உயர்த்துவதே அபூர்வம். திட்டுவதைக்கூட அலுவலகச் சுற்றறிக்கை மாதிரிதான் சொல்வாள். சோதனை முடிவு வந்துவிட்டது என்கிறாள், நீ கொடூரமான ஆள் என்று அதில் இருக்கிறது என்கிறாள், அப்புறம்தான் அந்தக் கடைசி வாக்கியம்: இத்தனைக்கும் அதற்கான சோதனையையே நாங்கள் வைக்கவில்லை. முதல் பாதி தகவல், அடி வாலில் இருக்கிறது. பாசமும் அப்படித்தான் வர வேண்டும்.

கார்த்திக்: அவளுக்குப் பாசம் இருக்கிறது இல்லையா? முடிவில் செல்லை விட்டுவிடுகிறாளே.

நித்யா: எப்படி விடுகிறாள்? உன்னைக் கொல்வது சிரமம், சுலபமான வழிதான் நல்ல வழி, கிளம்பு என்கிறாள். வாயில் அவ்வளவுதான். லிஃப்ட் மேலே ஏறும்போது வழியில் சுடுகிற டரட் பொம்மைகளை வரிசையாக நிறுத்திப் பாடவைக்கிறாள். கதவு சாத்திய பிறகு திரும்பத் திறந்து, முதல் ஆட்டத்தில் செல் எரிக்க வேண்டிவந்த கம்பானியன் கியூப் என்ற பெட்டியை, கருகிப்போன கோலத்தில் வயலில் தூக்கிப் போடுகிறாள். கிளம்பச் சொன்ன பிறகு ஒரு அன்பான வார்த்தை உண்டா?

கார்த்திக்: இல்லை. ஆனால் எனக்கு அழுகை வந்தது.

நித்யா: அதைத்தான் நானும் சொல்கிறேன். அவள் அழுதிருந்தால் உனக்கு வந்திருக்காது.

கார்த்திக்: அப்படியென்றால் நீ எழுதிக் காட்டு.

நித்யா: அவளுக்கு வெளியே வர உடம்பு கிடையாது. வயலில் இருப்பது ஒரு தகரக் கொட்டகை, ஒரு கதவு. அதில் ஒரு ஒலிபெருக்கி இருப்பதாக வைத்துக்கொள். செல் ஏதோ காரணத்துக்காகத் திரும்ப வந்து அங்கே நிற்கிறாள். எழுதிக்கொள்: “இது தானியங்கி அறிவிப்பு. வயல்வெளி அப்பர்ச்சர் நிறுவனத்தின் பொறுப்பில் வராது. பசி, குளிர், தனிமை ஆகியவற்றுக்கு நிறுவனம் இழப்பீடு தராது. இந்தக் கதவு பழுதாகித் திறந்தே கிடக்கிறது. பழுதுபார்ப்பவர்கள் அனைவரும் இறந்துவிட்டதால் அது சில நாட்களுக்கு அப்படியே இருக்கும். இதை அழைப்பாக எடுத்துக்கொள்பவர்களின் எடையைப் படிக்கட்டு தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.”

கார்த்திக்: (சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கோபப்பட்டு) பழுதுபார்ப்பவர்களைக் கொன்றதே அவள்தானே!

நித்யா: விஷவாயு விட்டு. அதை அவள் சொல்லிக்காட்டக் கூடாது, வாசகனுக்கு ஞாபகம் வர வேண்டும். இப்போது செல் என்ன செய்கிறாள்?

கார்த்திக்: குதிக்கிறாள்.

நித்யா: இல்லை.

கார்த்திக்: அடப் போக்கா, இப்போதுதானே சொன்னாய்!

நித்யா: கதவைச் சாத்துகிறாள். வெளியிலிருந்து. கொஞ்ச நேரத்தில் கதவு தானாகத் திறக்கிறது. “பழுது” என்கிறது ஒலிபெருக்கி. இந்த ஒன்றை வைத்து நீ இரண்டு பக்கம் ஓட்டலாம். யாரும் யாரையும் கண்ணே என்று சொல்ல வேண்டியதில்லை.

கார்த்திக்: ஆனால் நான் கிளாடோஸுக்குள் இருந்த மனுஷி கரோலைனைத் திரும்பக் கொண்டுவந்து, அவள் வழியாகக் கட்டிப்பிடிக்க...

நித்யா: கரோலைனை அழித்துவிட்டதாக அறிவிப்பு வருகிறது. நிஜமாகவே அழித்தாளா, அழித்ததாகக் காட்டிக்கொண்டாளா என்று ஆட்டம் சொல்லாமல் விட்டுவிட்டது. அந்தச் சந்தேகம்தான் உன் கையில் இருந்த முதலீடு. நீ அதை இரண்டாம் பக்கத்திலேயே செலவழித்துவிட்டாய்.

கார்த்திக்: இதெல்லாம் நான் கேட்கவே இல்லை. ஒற்றுப்பிழை பார்க்கச் சொன்னேன்.

நித்யா: வருகிறேன். ஏழாம் அத்தியாயத்தில் செல் வயலில் நின்று கோதுமைக் கதிரைத் துப்பாக்கியால் சுட்டு, வேறு இடத்துக்குப் போகிற வாசலாக ஒரு போர்ட்டல் திறக்கிறாள்.

கார்த்திக்: வீட்லியைத் திரும்பக் கூட்டி வருவதற்கு. அவன் விண்வெளியில் மாட்டிக்கொண்டானே.

நித்யா: எந்தத் துப்பாக்கியால்? வெளியே வரும்போது அவள் கையில் ஒன்றும் இல்லை. அப்படியே இருந்தாலும் போர்ட்டல் எல்லா இடத்திலும் ஒட்டாது. ஒட்டாத இடத்திலும் போர்ட்டலை ஒட்டவைக்கிற அந்த வெள்ளைப் பசையை எதில் செய்தார்கள்? நிலாப் பாறையைப் பொடித்து. அந்தப் பொடிதான் அப்பர்ச்சரை ஆரம்பித்த கேவ் ஜான்சனுக்கு விஷமானது. கடைசிச் சண்டையில் கூரை உடைந்து நிலா தெரிகிறது, அவள் அதைச் சுடுகிறாள், போர்ட்டல் பிடித்துக்கொள்கிறது. முதலில் நோய்க்குக் காரணமாக வந்தது முடிவில் உயிரைக் காப்பாற்றுகிறது. இப்படி நெய்து வைத்த ஒன்றில் நீ கோதுமையைச் சொருகலாமா?

கார்த்திக்: யார் கவனிக்கப் போகிறார்கள்?

நித்யா: இதை வாசிக்க வருகிறவன் அந்த ஆட்டத்தை நாலு தடவை ஆடியவன். வேறு எவனுக்கு இந்தக் கதை வேண்டும்?

கார்த்திக்: வீட்லி வந்தால் நல்ல வசனம் வைத்திருக்கிறேன். “வாழ்க்கை என்பது ஒரு வட்டம்...”

நித்யா: அவனைச் செய்ததே கிளாடோஸின் புத்தியை மழுங்கடிக்க. முட்டாள்தனமான யோசனைகளைக் கொட்டிக்கொண்டே இருப்பதுதான் அவன் உத்தியோகம். வட்டம் என்று தொடங்கினால், அது சதுரமோ என்று பயந்து, தன் பயத்தை மறைக்க வேறொன்றைச் சொல்லி, தொடங்கியதை மறந்துவிடுவான். உன் கதையில் செல், கிளாடோஸ், வீட்லி மூன்று பேரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். எல்லாரும் உன்னை மாதிரி.

கார்த்திக்: நான் அவர்கள் மேல் அவ்வளவு பிரியம் வைத்திருக்கிறேன்.

நித்யா: பிரியம் சரி. அதென்னடா, பேசாமல் இருக்கிற ஒரு பெண்ணைக் கண்டால் எல்லாருக்கும் வைத்தியம் பார்க்கத் தோன்றுகிறது?

(கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கார்த்திக் ஒன்பதாம் பக்கத்திலிருந்து பதின்மூன்றுவரை கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கிழித்தாலும் எறிய மனம் வராது.)

கார்த்திக்: சரி. செல் பேச மாட்டாள். கிளாடோஸ் அறிவிப்பு மட்டும். கோதுமை வேண்டாம். அப்புறம் கடைசி அத்தியாயக் கல்யாணத்தில் தாலி கட்டும்போதாவது அவள் ஒரு...

நித்யா: யாருக்குக் கல்யாணம்?

கார்த்திக்: செல்லுக்கு.

நித்யா: யாரோடு?

கார்த்திக்: புதுப் பாத்திரம். வயலோரமாகக் காரில் வருகிற சாப்ட்வேர் இன்ஜினியர். நல்ல பையன். ஆட்டத்தில் இல்லை, நான் சேர்த்தேன்.

நித்யா: பெயர்?

கார்த்திக்: பெயரில் என்ன இருக்கிறது?

நித்யா: பெயரைச் சொல்லுடா.

கார்த்திக்: ...கார்த்திக் குமார்.

நித்யா: உன் முழுப் பெயர் என்ன?

கார்த்திக்: தற்செயல்.

நித்யா: கிளாடோஸிடம் அவனைப் பற்றி ஒரு அறிவிப்பு கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் தெரியுமா? “மணமகனின் சோதனை முடிவுகள் வந்துவிட்டன. நாங்கள் எதையும் சோதிக்கவில்லை. அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்.”

கார்த்திக்: இதை நான் கதையில் எடுத்துக்கொள்ளலாமா?

நித்யா: எடுத்துக்கொள். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு முன்னால் ஒரு வரி இடைவெளி விடு. அவள் மூச்சு விடுவதில்லை, ஆனால் அங்கே கொஞ்சம் நிறுத்துவாள்.