ரெண்டு கோடி போதுமா?

ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கேட்டால் இப்போதெல்லாம் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு. நான் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. அந்த 25-க்குள் என்னென்ன நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன என்று பார்க்காமல் எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

என் சித்தப்பா மகனுக்கு 52 வயது. திருச்சியில் சொந்த வீடு, தனியார் கம்பெனி வேலை, 58-ல் ஓய்வு. கடன் இல்லை, பிள்ளை படிப்பும் முடிந்துவிட்டது. "அண்ணே, மாசம் 45 ஆயிரம் ஆகுது. வருஷத்துக்கு அஞ்சு லட்சத்து நாப்பது. 25 மடங்குன்னா 1 கோடியே 35 லட்சம். கைக்கு எட்டுற தூரம்தான்" என்றான். நான் அவனுடைய வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்டை எடுக்கச் சொன்னேன். ஒரு மாதத்துக்கு அல்ல, மூன்று வருடத்துக்கு.

மாதச் செலவை 12-ஆல் பெருக்கினால் வருவது ஆண்டுச் செலவு இல்லை. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் வருடத்துக்கு ஒருமுறைதான் போகிறது, 60,000. தீபாவளி, பொங்கல் துணிமணி 40,000. மொய், சீர், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் சேர்த்து 50,000 (அவன் முதலில் நம்பவே இல்லை, ஆவணி, தை மாதப் பக்கங்களைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்). ஊர், கோயில் பயணம் 50,000. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வெள்ளையடிப்பு, மொட்டை மாடி ஒழுகல் என்று இரண்டு லட்சம்; அதை வருடத்துக்குப் பிரித்தால் 40,000. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் இதில் ஏதோ ஒன்று போய்க்கொண்டே இருக்கும், அதற்கு 20,000. இந்த இரண்டாம் பட்டியல் மட்டும் 2,60,000. ஆக, ஆண்டுச் செலவு 8 லட்சம். 25 மடங்கு என்றே வைத்தாலும் 2 கோடி. பெருக்கும் எண்ணைத் தொடாமலேயே 65 லட்சம் கூடிவிட்டது.

சரி, இப்போது அந்த 25-க்கு வருவோம். 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் போட்ட கணக்கு அது. முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம், அதாவது 25-ல் ஒரு பங்கு எடுக்கலாம், அப்புறம் விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போகலாம், 30 வருடம் தாங்கும் என்றார். அவர் பார்த்தது 1926 முதலான அமெரிக்கப் பங்குகளையும் அமெரிக்க அரசுப் பத்திரங்களையும். நம் ஊர் ஃபிக்ஸட் டெபாசிட்டையும் நம் விலைவாசியையும் அல்ல.

நமக்குத் தேவையான கேள்வி ஒன்றே ஒன்று: வரி போக வரும் வட்டி, விலைவாசி உயர்வைவிட எவ்வளவு அதிகம்? டெபாசிட்டில் 7 சதவீதம், வரி கொஞ்சம், விலைவாசி 6 என்று வைத்தால் மிச்சம் பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும். பூஜ்யம் என்றால் கணக்கு ரொம்ப எளிது. பணம் வளரவும் இல்லை, தேயவும் இல்லை. எத்தனை வருடம் வாழ்வோமோ அத்தனை மடங்கு வேண்டும். 58-லிருந்து 90 வரை 32 வருடம், எனவே 32 மடங்கு, 2 கோடியே 56 லட்சம். விலைவாசியைவிட 1 சதவீதம் கூடக் கிடைத்தால் 27½ மடங்கு, 2 கோடியே 20 லட்சம். 2 சதவீதம் என்றால் 24 மடங்கு, 1 கோடியே 92 லட்சம். 1 சதவீதம் பின்தங்கினால் 37½ மடங்கு, 3 கோடி. அதே மனிதர், அதே செலவு. ஒரே ஒரு சதவீதத்துக்கு அரைக்கோடி வரை ஆடுகிறது. எனவே யாராவது 25 மடங்கு என்று சொன்னால், 32 வருடமும் விலைவாசியைச் சுமார் 1.7 சதவீதம் தாண்டிவிடுவேன் என்று அவர் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். எதில் போட்டு என்று அடுத்து கேளுங்கள்.

"மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல எட்டுக்கு மேல தர்றாங்களே" என்றான். தருகிறார்கள். ஆனால் அது ஐந்து வருடத்துக்கு மட்டும் உறுதி. 2015-16-ல் அதில் 9.3 சதவீதம் கிடைத்தது. அன்றைய உச்சவரம்பான 15 லட்சத்தைப் போட்டவருக்கு வருடத்துக்கு 1,39,500. ஐந்து வருடம் முடிந்து 2020-21-ல் புதிதாகப் போட்டபோது வட்டி 7.4 சதவீதம், கையில் வந்தது 1,11,000. மளிகைக்கடைக்காரர் அந்த ஐந்து வருடத்தில் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை. இன்றைய வட்டியை 32 வருடத்துக்கும் இழுத்துப் போடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அடுத்து, எல்லாச் செலவும் ஒரே வேகத்தில் ஏறும் என்ற நம்பிக்கை. அந்த 60,000 பிரீமியத்தை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். வயது கூடக் கூட அது மற்ற செலவைவிட வேகமாக ஏறும். வருடத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தால் இருபதாவது வருடம் 4 லட்சத்தைத் தொடும். 6 சதவீதமாக இருந்தால் 1 லட்சத்து 92 ஆயிரத்தில் நின்றிருக்கும். பூஜ்யக் கணக்கில் மற்ற செலவுக்கு 32 மடங்கு போதும். இதற்கு மட்டும் 60 மடங்கு, அதாவது 36 லட்சம் வேண்டியிருக்கிறது. கூடுதலாக 17 லட்சம். பாலிசி தராத பல், கண்ணாடி, காதுக் கருவி எல்லாம் இதற்கு வெளியே.

வருமானப் பக்கத்தில் இதற்கு நேர் எதிர். பி.எஃப். பென்ஷன் மாதம் 5,000 வரும் என்று அவன் கணக்கில் இருந்தது. அதை ஆண்டுச் செலவிலிருந்து அப்படியே கழித்துவிட்டு மிச்சத்தைப் பெருக்குவோம் என்றான். கூடாது. அரசு ஊழியர் பென்ஷன்போல அதற்கு அகவிலைப்படி கிடையாது. முதல் மாதம் 5,000 என்றால் இருபதாவது வருடமும் 5,000. விலைவாசி 6 சதவீதத்தில் ஓடினால் வருடத்துக்கு வரும் அந்த 60,000-க்கு 32 மடங்கு மதிப்பு இல்லை, சுமார் 15 மடங்குதான். 19 லட்சம் என்று நினைத்தது ஓய்வு நாளில் 9 லட்சமாகச் சுருங்குகிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். இந்தத் தொகைகள் எல்லாம் இன்றைய ரூபாயில். ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. 6 சதவீதத்தில் 8 லட்சம் அப்போது 11 லட்சத்து 35 ஆயிரம் ஆகிவிடும். 2 கோடியே 56 லட்சம் 3 கோடியே 63 லட்சமாகும். அவன் தன் பி.எஃப்.பில் 58-ல் சேரப்போகும் தொகையை எடுத்து இன்றைய தேவையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். அது இரண்டு வெவ்வேறு ரூபாய்.

கடைசியில் அவன் பேப்பரில் எழுதியது ஒரு தொகை அல்ல, ஒரு வரம்பு: இன்றைய ரூபாயில் 2 கோடியே 20 லட்சம் முதல் 3 கோடி வரை, பிரீமியத்துக்கான 17 லட்சம் தனி. வட்டியும் விலைவாசியும் அவன் கையில் இல்லை. ஆண்டுச் செலவில் 1 லட்சம் குறைந்தால் 32 லட்சம் குறையும் என்பது கையில் இருக்கிறது. இரண்டு வருடம் தள்ளி 60-ல் ஓய்வெடுத்தால் இரண்டு வருடச் செலவு மிச்சம், சேமிப்பும் கூடும், அதையும் எழுதிக்கொண்டான். ஆனால் மொய்யைக் குறைக்கலாமா என்று நான் கேட்டபோது தம்பி மனைவி என்னைப் பார்த்த பார்வையில், அந்த 50,000 அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.