அந்த டியூப் லைட்டை அணைத்திருக்கலாமே!

போட்டோ திருத்துவது என் வேலை. ஒரு குரூப் போட்டோவை அனுப்பிவிட்டு ஒருவர் சொல்கிறார்: "ஒருத்தருக்குக் கண்ணு மூடியிருக்கு அண்ணா, அவ்வளவுதான். அடுத்த போட்டோல திறந்திருக்கு. அந்த முகத்தை எடுத்து இதுல வெச்சுடுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

அஞ்சு நிமிஷமாம்! படத்தைத் திறந்ததுமே எரிச்சல் தலைக்கேறிவிட்டது. ஒரு பக்கம் ஜன்னல், எதிர்ப்பக்கம் சுவரில் டியூப் லைட், இரண்டுக்கும் நடுவில் மாற்ற வேண்டிய அந்த முகம். ஜன்னல் பக்கத்துக் கன்னம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. டியூப் லைட் பக்கத்துக் கன்னம் பச்சை கலந்த மஞ்சளில், நோயாளியின் கன்னம் மாதிரி இருக்கிறது. மூக்குத்தண்டு நெடுக இரண்டு நிறமும் கலந்து எதுவென்று சொல்ல முடியாத ஒரு பட்டை. முகம் மாற்றும் வேலை செய்கிற எவருக்கும் இதைப் பார்த்தால் வயிறு கலங்கும். படம் எடுத்தவர் கண்ணுக்கு மட்டும் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அறையில் நிற்கும்போது நம் மூளை இரண்டு பக்கத்தையும் சரிக்கட்டி ஒரே நிறமாகக் காட்டிவிடும். கேமராவுக்கு அந்த இரக்கம் கிடையாது.

"வொயிட் பேலன்ஸ் சரி பண்ணா போச்சு" என்று அடுத்த அறிவுரை வருகிறது. வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி மொத்தப் படத்தின் நிறத்தையும் நகர்த்துவதுதான் அது. எந்தப் பக்கத்துக்குச் சரி பண்ணுவது என்பதை அறிவுரை சொல்பவர் யோசிக்கவே இல்லை. கண் மூடியிருந்தவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் காலரை அளந்து பார்த்தேன். வெள்ளை என்றால் மூன்று நிறத்தின் எண்ணும் சமமாக இருக்க வேண்டும். ஜன்னல் பக்கத்தில் சிவப்பு 205, பச்சை 214, நீலம் 232. டியூப் லைட் பக்கத்தில் சிவப்பு 188, பச்சை 201, நீலம் 176. ஒரே துணி, ஒரே காலர்! ஜன்னல் பக்கத்தை வெள்ளையாக்கும்படி மொத்தப் படத்தையும் திருத்தினால் டியூப் லைட் பக்கத்துக் காலர் 196, 201, 162 ஆகிறது. ஏற்கெனவே மஞ்சளாக இருந்தது இன்னும் மஞ்சளாகிவிட்டது. சரி, டியூப் லைட் பக்கத்தை வெள்ளையாக்கலாம் என்று போனால் ஜன்னல் பக்கத்து நீலம் உச்ச எண்ணான 255-ஐத் தாண்டிக்கொண்டு போகிறது. நடுவில் எங்கேயாவது நிறுத்தினால் இரண்டு பக்கமும் பாதிப் பாதி கெட்டு நிற்கும். ஒரு ஸ்லைடர் ஒரு வெளிச்சத்தைத்தான் சரி செய்யும். முகத்தில் விழுந்திருப்பதோ இரண்டு.

இதில் விவரம் தெரிந்தவர் போலப் பேசுபவர்கள் தனி ரகம். "டியூப் லைட் டப்பாவிலேயே 6500 கெல்வின்னு போட்டிருக்கு. பகல் வெளிச்சமும் அதே 6500. அப்புறம் எப்படி நிறம் மாறும்?" என்று கேட்கிறார்கள். முதலில், ஜன்னல் வழியாக வருவது எப்போதும் 6500 இல்லை. நேர் வெயில் சுமார் 5500. வெயில் படாத பக்கத்து ஜன்னலில் நீல வானத்தின் வெளிச்சம் மட்டும் வந்தால் அது 8000, 10000 என்று ஏறிவிடும். இரண்டாவது, கெல்வின் எண் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே வெளிச்சம் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. பச்சையைப் பற்றி அது வாயே திறக்காது. இந்தப் பழைய வகை டியூப் லைட்டுக்குள் இருப்பது பாதரச ஆவி. அதன் வெளிச்சத்தில் 546 நானோமீட்டரில் பச்சை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால்தான் திருத்தும் மென்பொருள் பெரும்பாலானவற்றில் பச்சை–மெஜந்தாவுக்கென்று இன்னொரு ஸ்லைடர் இருக்கிறது. டப்பாவில் ஜன்னலுக்குச் சமமான எண் இருந்தாலும் அந்தக் கன்னம் பச்சையாகத்தான் வரும்.

அடுத்ததுதான் என்னைப் பைத்தியமாக்குகிறது. "அதே அறை, அதே நாற்காலி, அடுத்த நொடி எடுத்த படம். அப்படியே ஒட்டினா ஒட்டிக்காதா?" ஒட்டாது! கண் திறந்திருக்கும் படத்தில் அவர் தலையை ஜன்னல் பக்கம் லேசாகத் திருப்பியிருக்கிறார். மூக்குத்தண்டில் இருந்த நிற எல்லை இப்போது எதிர்க் கன்னத்துக்கு நகர்ந்துவிட்டது. அந்த முகத்தை வெட்டி இங்கே வைத்தால் நெற்றியில் எல்லை ஓர் இடத்தில், கன்னத்தில் வேறோர் இடத்தில், கழுத்தில் மூன்றாவதாக ஓர் இடத்தில். கழுத்து பழைய படத்தினுடையது அல்லவா? வேறு ஆளின் தலையைக் கொண்டுவந்து வைத்தது போல அவருடைய முகமே அவர் உடம்பில் அந்நியமாக நிற்கிறது.

தலை திரும்பாமல் இருந்தாலும் தப்பிக்க முடியாது. பழைய சோக் வைத்த டியூப் லைட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. மங்கும்போது வெளிச்சம் குறைவதோடு நிறமும் மாறும். உள்ளே பூசியிருக்கும் ஒளிரும் பொடிகளான பாஸ்பர்களில் நீலம் சட்டென்று அணைந்துவிடும், பச்சையும் சிவப்பும் கொஞ்சம் தாமதித்து அணையும். அதனால் மங்கும் கணத்தில் வெளிச்சம் மஞ்சளாகிறது. படம் எடுத்தவர் ஷட்டரை 1/250 நொடியில் வைத்திருக்கிறார். அது 4 மில்லி செகண்ட். ஒரு சுற்றோ 10 மில்லி செகண்ட். ஒரு படம் பிரகாசமான கணத்தில் விழுந்திருக்கிறது, அடுத்தது மங்கும் கணத்தில். ஜன்னல் பக்கத்துக் கன்னம் இரண்டு படத்திலும் அப்படியே இருக்க, டியூப் லைட் பக்கத்துக் கன்னம் மட்டும் படத்துக்குப் படம் நிறம் மாறுகிறது. போதாததற்கு வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டிருக்கிறார். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தன் இஷ்டத்துக்கு வேறு வேறு நிறம் கணக்குப் போட்டிருக்கிறது. "அதே அறை" என்று யாராவது இனிமேல் சொல்லட்டும், பார்க்கிறேன்.

அப்புறம் வேலை. புதிதாக வைக்கப்போகும் முகத்தின் இரண்டு பக்கத்தையும், திருத்தம் அந்தந்தப் பகுதியில் மட்டும் விழும்படி தனித்தனி மாஸ்க் போட்டு முதலில் நடுநிலை நிறத்துக்குக் கொண்டுவந்தேன். அந்த மாஸ்கை நேர்க்கோடாகப் போட முடியாது. மூக்கின் வளைவு, கண்குழி, மேலுதட்டுப் பள்ளம் எல்லாவற்றிலும் எந்த வெளிச்சம் எவ்வளவு விழுகிறது என்று பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டும். அப்படிப் பாடுபட்டு ஒரு சுத்தமான முகம் வந்தது. அதை வைத்தால் படத்தில் பொருந்தவில்லை, ஏனென்றால் சுற்றி இருக்கும் எல்லாரும் நீலமும் பச்சையுமாகத்தான் நிற்கிறார்கள். ஆகவே சுத்தம் செய்த முகத்தின் மேல் அந்தக் கேவலமான வெளிச்சத்தைத் திரும்ப நானே கையால் பூச வேண்டும். யாரோ ஒருவர் கை நீட்டி ஒரு லைட்டை அணைக்காததால், நான் உட்கார்ந்து கெட்ட வெளிச்சம் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்!

பழைய முகத்தை நன்றாக மங்கலாக்கி, அந்த நிறத்தை மட்டும் புது முகத்தின் மேல் 'Color' பிளெண்ட் முறையில் போடுவதுதான் வழி. முக்கால்வாசி சரியாக வரும். ஆனால் மங்கலாக்கும்போது உதட்டின் சிவப்பு தாடைக்கு வழிந்துவிடும், அதைத் தனியாகத் துடைக்க வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பு. தோலுக்குள் போய்த் திரும்பும் வெளிச்சம் தோலின் நிறத்தை ஏற்றுக்கொள்ளும். பளபளப்பு அப்படி இல்லை, அது விளக்கின் நிறத்தை அப்படியே காட்டும். மாநிறத் தோல் நீலத்தை அதிகம் திருப்பி அனுப்பாது, அதனால் ஜன்னல் பக்கம் கன்னம் சாம்பலாகத் தெரியும்போது அதே பக்கத்தில் நெற்றியின் பளபளப்பு பளிச்சென்று நீலமாக இருக்கும். இரண்டையும் ஒரே திருத்தத்தில் பிடிக்கவே முடியாது. கண்ணோ இன்னும் மோசம். கருவிழியில் ஜன்னல் சதுரமாகவும் டியூப் லைட் கோடாகவும் தெரியும், விழி வெள்ளை ஒரு மூலையில் நீலம், மறுமூலையில் பச்சை. மாற்றச் சொன்னதே கண்ணுக்காகத்தான், கண்ணில்தான் பொய் முதலில் பிடிபடும்.

இத்தனையையும், கேமரா பதிவு செய்தது சுருங்காமல் இருக்கும் ரா கோப்பில் செய்தால்கூட ஒரு நியாயம் இருக்கிறது. அனுப்பியது சாட்டில் சுருங்கி வந்த ஜேபெக். அதில் வெளிச்சத்தின் விவரம் முழுதாக இருக்கும், நிறத்தின் விவரம் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் மிஞ்சும். டியூப் லைட் பக்கத்து இருட்டில் நீலத்தைக் கொஞ்சம் ஏற்றினாலே கன்னம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் திட்டு விழுகிறது.

இவ்வளவுக்கும் தேவைப்பட்டது என்ன? லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்திருந்தால் அந்தக் கன்னத்துக்கும் ஜன்னல் வெளிச்சமே திரும்பிப் போயிருக்கும். ஜன்னல் வெளிச்சம் போதாதென்றால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு டியூப் லைட்டிலேயே எடுக்கட்டும், ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைக்கட்டும், வொயிட் பேலன்ஸைப் பூட்டி வைக்கட்டும். பச்சையாக வந்தாலும் முகம் முழுக்க ஒரே பச்சை, ஒரே இழுப்பில் சரி செய்துவிடலாம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

முடித்து அனுப்பினேன். இரவில் பதில் வருகிறது: "முகம் ரொம்ப மஞ்சளா இருக்கே அண்ணா." என் திரையில் மஞ்சளே இல்லை, திரும்பத் திரும்ப அளந்து பார்த்துவிட்டேன். கடைசியில் விசாரித்தால், இருட்டியதும் திரையைத் தானாக மஞ்சளாக்கும் அமைப்பு அவர் போனில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என் வேலையில் நிறம் பார்த்திருக்கிறார்! காலையில் இன்னொரு செய்தி: "இப்ப சூப்பரா இருக்கு. என்ன மாத்தினீங்க?" நான் எதையுமே மாற்றவில்லை.