சட்டைப்பைக்குள்ள ஓடுற பட்டிமன்றத்துக்கு எதுக்குய்யா 1080p?

காலைல பத்தரை மணிக்கு அப்பா போன் பண்றாரு. "ஏ பாப்பா, 1.5 ஜிபியும் காலியாம். மெசேஜ் வந்திருக்கு. நான் ஒண்ணுமே பண்ணலையே"ன்னு வீட்டுல திருடு போன மாதிரி பேசுறாரு. மூணு மாசமா இதே கதை. நானும் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு டாப்-அப் போட்டுப் போட்டு, மாச ரீசார்ஜை விட டாப்-அப் காசு கூடப் போச்சு.

டேட்டா தீந்தாலும் நெட் நிக்காதாம், 64 kbps-ல ஓடுமாம். அதுக்குப் பேரு அன்லிமிடெட்! 64 kbps-ன்னா நொடிக்கு 8 கேபி. பேத்தி போட்டோ ஒண்ணு 3 எம்பி இருந்தா, அது இறங்க ஆறு நிமிஷத்துக்கு மேல ஆகும். ராத்திரி 12 மணி தாண்டி புது டேட்டா வர்ற வரைக்கும் மனுஷன் அந்தச் சுத்துற வட்டத்தையே பாத்துக்கிட்டு இருக்கணும்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனதும் முதல் வேலையா போனை வாங்கி, எந்த ஆப் எவ்வளவு தின்னுருக்குன்னு பாத்தேன். அன்னைக்கு மட்டும் வீடியோ ஆப் ஒண்ணு 1.4 ஜிபி. மிச்ச எல்லாம் சேத்து நூறு எம்பி கூட இல்ல. அப்பா என்ன பாக்குறாருன்னு கவனிச்சா, பாக்கவே இல்ல! காலைல ஆறு மணிக்குப் பட்டிமன்றத்தைப் போட்டுட்டு, போனைச் சட்டைப்பையில சொருகிக்கிட்டு, செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிடுறாரு. திரையை அணைச்சா சத்தம் நின்னுடும், அதனால திரை எரிஞ்சுக்கிட்டே இருக்கு. சட்டைத் துணிக்குப் பின்னாடி நடுவர் மூக்குக் கண்ணாடி வரைக்கும் துல்லியமா 1080p-ல ஓடுது. யாரு பாக்குறதுக்கு?

"என்னப்பா, குவாலிட்டியைக் குறைக்க மாட்டீங்களா"ன்னு கத்துனேன். அவரு என்னை விட சத்தமா, "144-ல தான் வச்சேன். ரீசார்ஜ் கடைப் பையன் சொல்லிக் குடுத்தான்"ங்கிறாரு. பொய் சொல்லல. என் கண்ணு முன்னாடியே வீடியோவைத் தொட்டு, பல்சக்கரத்தை அமுக்கி, `Quality` போய், `Advanced` போய், 144p-ஐ எடுத்தாரு. எழுபத்தோரு வயசுல எத்தனை பேரு இதைக் கத்துக்குவாங்க? ஆனா அது அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும்தான்னு அவருக்கு யாரு சொன்னா? அடியில பொடி எழுத்துல சொல்லியிருக்கு, இங்கிலீஷ்ல. கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத சைசுல.

அதனால என்ன நடக்குது தெரியுமா? முதல் பட்டிமன்றத் துண்டு இருபது நிமிஷம், 144p-ல சமர்த்தா முப்பத்தஞ்சு எம்பியில முடியுது. அடுத்த வீடியோ தானா ஓட ஆரம்பிக்கும்போது குவாலிட்டி திரும்ப `Auto`வுக்குப் போயிடுது. அவரு கையில குழாய், போன் பையில. அடுத்த எண்பது நிமிஷமும் நிமிஷத்துக்கு 17 எம்பி. கணக்குப் போட்டா 1,360 எம்பி. ஏழே முக்காலுக்குள்ள அன்னைய டேட்டா கதை முடிஞ்சது.

இந்த `Auto`தான் எனக்குப் பெரிய எரிச்சல். பேரைக் கேட்டா ஏதோ நம்ம நன்மைக்குன்னு தோணும். அது பாக்குறது நெட் வேகத்தையும் திரை அளவையும்தான். உங்க பேக்ல 1.5 ஜிபி இருக்கா, 15 எம்பி இருக்கான்னு அதுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வழியில்ல. டவர் பக்கத்துல இருக்குற எங்க வீட்டுல நெட் பறக்கும், அதனால `Auto`வும் மேல மேல ஏறும். சிக்னல் நல்லா இருக்குறவன்தான் இங்க சீக்கிரம் காலியாகுறான்.

நிரந்தரமா மாத்த வேண்டிய இடம் வேற. யூடியூப்னா, ஓடுற வீடியோவை விட்டு வெளிய வந்து, கீழ உங்க படத்தைத் தொட்டு, `Settings` உள்ள `Video quality preferences`. வெர்ஷனைப் பொறுத்துப் பேரு கொஞ்சம் மாறியிருக்கும். அங்க மொபைல் நெட்டுக்கு ஒண்ணு, Wi-Fi-க்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கும். ரெண்டுலயும் `Data saver`. ஏன் ரெண்டும்னா, நான் ஊருக்குப் போகும்போது அப்பா போனுக்கு என் ஹாட்ஸ்பாட்டைக் குடுப்பேன். அவரு போன் அதை Wi-Fi-ன்னு நம்பிக்கிட்டு Wi-Fi குவாலிட்டியில இழுக்கும். கரையுறது என் டேட்டா. இது புரியறதுக்கு எனக்கு ரெண்டு தீபாவளி ஆச்சு.

மாத்துனதும் அப்படியே நம்பிடாதீங்க, அளந்து பாருங்க. போன் செட்டிங்ஸ்ல அந்த ஆப்போட மொபைல் டேட்டா கணக்கைக் குறிச்சு வச்சுட்டு, பத்து நிமிஷம் வீடியோ ஓட விட்டு, திரும்பப் பாத்தேன். முன்னாடி 170 எம்பி ஏறுன இடத்துல இப்ப 35 எம்பி. அதாவது ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி போனது, இருநூத்திப் பத்து எம்பியா இறங்குச்சு. ரெண்டு பேரு மைக் முன்னாடி நின்னு பேசுற வீடியோ இது. கிரிக்கெட் மாதிரி படம் ஓயாம ஓடுறதுன்னா கூடத்தான் போகும். ஓடிக்கிட்டு இருக்கும்போது குவாலிட்டியை மாத்தி மாத்தி விளையாடாதீங்க, முன்கூட்டியே இறக்கி வச்சதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா இறக்கும்.

இதுல இன்னொரு கூத்து. எதிர்வீட்டு மாமா வந்து, "போன்லயே Data Saver ஆன் பண்ணா போதுமே, நான் அதான் வச்சிருக்கேன்"ங்கிறாரு. மாமா, அது வேற! ஆண்ட்ராய்டுல இருக்குற அந்தப் பொத்தான், நீங்க திறக்காம பின்னாடி ஓடுற ஆப்களோட வாயைத்தான் கட்டும். நீங்க கண்ணு முன்னாடி வச்சு ஓட்டுற வீடியோ என்ன குவாலிட்டின்னு அது முடிவு பண்றதில்ல. ரெண்டுக்கும் ஒரே பேரை வச்சவனைத் தேடிக்கிட்டு இருக்கேன்.

ஒவ்வொரு ஆப்லயும் இதைத் தனித்தனியா தோண்டணும்ங்கிறதுதான் கொடுமை. நெட்பிளிக்ஸ்ல `App Settings` உள்ள `Cellular Data Usage`. அதுல தானா எடுக்குறதை அணைச்சுட்டு `Save Data` எடுத்தா ஒரு ஜிபிக்கு சுமார் ஆறு மணி நேரம் பாக்கலாம்னு அவங்களே மணிக்கணக்குப் போட்டுச் சொல்றாங்க. இப்படி நேரத்தைச் சொல்றதுல என்ன கஷ்டம்? மத்த இடத்துல "நல்ல படம்", "டேட்டா மிச்சம்"னு மொட்டையா ரெண்டு வார்த்தை. எவ்வளவு நல்ல படம், எவ்வளவு மிச்சம்?

இப்ப ரெண்டு வாரமா காலைல போன் வரல. நிம்மதியா இருந்தேன். நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு அடிச்சாரு. "பாப்பா, இன்னும் 900 எம்பி கிடக்கு. பன்னெண்டு மணி ஆனா இதெல்லாம் வீணாப் போயிடுமாமே? காசு குடுத்து வாங்குனது! அந்த 1080-ஐத் திரும்ப எப்படி வைக்கிறது?"