இன்னும் இரண்டு அனுப்புங்கள்

முரளி: அக்கா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஜெர்மன்காரர் மறுபடியும் ஒரு மாற்றம் கேட்டார். கடுப்பில் ஒரு மெயில் தட்டிவிட்டேன்.

செல்வி: என்ன எழுதினாய்?

முரளி: “வார இறுதிக்கு இதைவிட நல்ல பரிசு கிடையாது. முடிந்தால் இன்னும் இரண்டு அனுப்புங்கள்.”

செல்வி: அவர்?

முரளி: “உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. கேட்டபடி இரண்டு இணைத்துள்ளேன்.”

செல்வி: கேட்டதைத்தானே கொடுத்திருக்கிறார்!

முரளி: ஜெர்மன்காரர்களுக்கு நக்கலே புரியாதா?

செல்வி: நன்றாகவே புரியும். உனக்கு இது நாலாவது மாற்றம், அந்த எரிச்சல் உன் மண்டைக்குள் இருக்கிறது. அவருக்கு வந்தது இரண்டு வரி. உனக்கும் அவருக்கும் ஆங்கிலம் கடன் வாங்கிய மொழி வேறு. பக்கத்து சீட்டில் இருக்கிறவரிடம் சொல்லியிருந்தால் உன் மூஞ்சியே அர்த்தம் சொல்லியிருக்கும்.

முரளி: படிக்கும்போதே தெரிய வேண்டாமா?

செல்வி: நீ படிக்கும்போது உன் குரல் உனக்குக் கேட்கிறது. 2005-இல் அமெரிக்காவில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். மெயிலில் எழுதியது நக்கலா இல்லையா என்று படிக்கிறவர்கள் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார்கள் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். கண்டுபிடித்தது 56. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்.

முரளி: அதுக்குத்தானே ஸ்மைலி போட்டேன்!

செல்வி: போச்சு. நீ சந்தோஷமாகக் கேட்கிறாய் என்று அதுதான் உறுதி செய்திருக்கும். 1982-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டது என்று கணினி அறிவிப்புப் பலகையில் யாரோ விட்ட ஜோக்கைச் சிலர் நிஜ எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். அப்புறம்தான், ஜோக் என்றால் இதைப் போடுங்கள் என்று அங்கிருந்த கணினி விஞ்ஞானி ஸ்காட் ஃபால்மன் :-) குறியைச் சொன்னார். இப்போது அதை நன்றி, வணக்கம் எல்லாவற்றுக்கும் போடுகிறோம். ஜோக் என்று யார் நினைப்பார்கள்?

முரளி: அப்போ சிரிக்கவே கூடாதா?

செல்வி: சிரி. ஆனால் அனுப்புவதற்கு முன்னால், எழுதியதை அப்படியே நேர்ப்பொருளில் படித்துப் பார். “இரண்டு அனுப்புங்கள்” என்பது அவரால் செய்ய முடிந்த காரியம். செய்துவிடுவார். “இந்தக் கோப்பு என்னைவிட அதிகமாகத் தூங்குகிறது” என்று எழுதினால் பிரச்சினையில்லை. புரியாவிட்டாலும் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள், கிண்டலும் உன் மேல்தான். வேலை கேட்கிற வரி, மறுக்கிற வரி, தேதி சொல்கிற வரி, இதிலெல்லாம் விளையாடாதே. யாருக்கு நகல் போட்டாய்?

முரளி: மேனேஜருக்கு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கெல்லாம் இனி முரளியைக் கேளுங்கள் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டார்.

செல்வி: சரி, இப்போதே நேராக எழுது. “வார இறுதியில் செய்ய முடியாது. மூன்று மாற்றங்களும் புதன்கிழமை தயாராகும்.” அவ்வளவுதான். ஸ்மைலி வேண்டாம்.

முரளி: அனுப்பிட்டேன்... பதில் வந்துவிட்டது அக்கா.

செல்வி: என்ன சொல்கிறார்?

முரளி: “ஹாஹா! உங்கள் நகைச்சுவை எனக்கு மிகவும் பிடிக்கும். திங்கள் காலை எதிர்பார்க்கிறேன்.”