பசு கிடையாது என்று பாதியில் சொன்னால்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பு விழாவில் பல்லாங்குழி ஆடும்போது தம்பிக்கு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தக் காணொளியை இனியும் பகிராதீர்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: ஆட்டம் தொடங்கிய பிறகு விதியை மாற்றாதீர்கள்.

தம்பி ஆட்டிசம் உள்ளவன், 22 வயது. பல்லாங்குழி அவனுக்கு உயிர். பகடை இல்லை, மறைத்து வைக்கும் சீட்டு இல்லை. 14 குழி, குழிக்கு 5 சோழி, எல்லாம் கண்முன்னால். எங்கள் வீட்டு முறையில், கையில் இருப்பது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வோம். அடுத்தது காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்வோம். இந்த முறையில் முதல் ஆட்டத்தை எந்தக் குழியில் தொடங்கினாலும் ஐந்து முறை அள்ளியபின் கிடைப்பது 7 சோழிதான். போட்டுப் பாருங்கள். இதை அவனே கண்டுபிடித்தான். ஒவ்வொரு முறையும் ஏழையும் எண்ணி, ஒரே வரிசையில் அடுக்குவான்.

ஆனால் பல்லாங்குழி வீட்டுக்கு வீடு மாறும். சிலர் குழிக்கு ஆறு போடுவார்கள், சிலர் எதிர்க்குழியையும் சேர்த்து எடுப்பார்கள். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்காரருக்குச் சொந்தம். இதுவும் எல்லா வீட்டிலும் இல்லை. அதனால்தான் விழா நடத்துபவர்களிடம் முதல் நாளே கேட்டேன். பசு உண்டு என்றார்கள். தாளில் எழுதிக் கொடுத்தேன், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

அவன் குழியில் மூன்று சேர்ந்து, நான்காவதற்குக் காத்திருந்தபோது, சுவாரசியத்துக்காக இனிப் பசு கிடையாது என்று மைக்கில் அறிவித்தார்கள். அவன் குழியைக் கையால் மூடிக்கொண்டு, “எழுதியிருக்கிறது, எழுதியிருக்கிறது” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வாழ்க்கையில் எல்லாம் எதிர்பாராமல்தான் நடக்கும், பழக்குங்கள் என்கிறார்கள். ஹாரன் சத்தம், மின்வெட்டு, தடம் மாறிய பஸ் என்று நாள் முழுக்க அவன் பழகிக்கொண்டுதான் இருக்கிறான். பதினைந்தாவது ஓவரில் பவுண்டரிக் கோட்டை நகர்த்தினால் நீங்கள் பழகிக்கொள்வீர்களா?

தாயத்திலும் என்ன விழும் என்று தெரியாதே என்று கேட்கலாம். தாயத்தையும் அவன் ஆடுவான். என்னென்ன விழலாம், விழுந்தால் காயை எப்படி நகர்த்துவது என்பதெல்லாம் முன்பே தெரியும். வெட்டுப்பட்டால் முகம் வாடும், ஆட்டத்தை விட்டு எழ மாட்டான். அவனுக்குத் தோல்வி பிரச்சினையே இல்லை. ஆட்டிசம் உள்ள எல்லாரும் இப்படித்தான் என்றும் நான் சொல்லவில்லை. திடீர்த் திருப்பங்களை விரும்புகிறவர்களும் உண்டு. அதனால்தான் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்கிறேன்.

பசு வேண்டாமென்றால் அந்த ஆட்டம் முடிந்ததும் சொல்லியிருக்கலாம். தாளில் அந்த வரியை அடித்து எழுத எனக்கு ஒரு நிமிடம் போதும். அடுத்த ஆட்டத்தைப் பசு இல்லாமலே ஆடியிருப்பான்.

இதுவரை ஒருவரும் அவனிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. அடுத்த முறை வேடிக்கை பார்க்க மட்டும் அழைத்து வாருங்கள் என்றார் ஒருவர். அதுதான் இன்னும் நெஞ்சில் குத்துகிறது. அவன் ஆடத்தான் வருவான். குழிக்கு எத்தனை சோழி, பசு உண்டா, மொத்தம் எத்தனை ஆட்டம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.