கவர் லெட்டரில் அந்த 30 நாளை ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள்

அக்கா மகள் பி.காம் கடைசி வருஷம். கேம்பஸுக்கு ஒரு கம்பெனி அக்கவுண்ட்ஸ் வேலைக்கு ஆள் எடுக்க வருகிறது என்று கவர் லெட்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தாள். முதல் பத்தி முழுக்கக் கடின உழைப்பாளி, சீக்கிரம் கற்றுக்கொள்வேன், எல்லோரோடும் இணைந்து வேலை செய்வேன். ஆடிட்டர் ஆபீஸில் 30 நாள் இன்டர்ன்ஷிப் போனது மட்டும் கடைசியில் ஒரே வரி: ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்தேன்.

ஆள் எடுக்கும் மேசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். முதல் பத்தி எல்லார் கடிதத்திலும் இருப்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். நிற்பது அந்தக் கடைசி வரியில்தான், கேள்வியும் அங்கிருந்துதான் வரும்.

"நீயாம்மா தாக்கல் செய்தாய்?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா, சார்தான் செய்வார். நான் டாலியில் பர்ச்சேஸ் பில் என்ட்ரி போட்டேன், அப்புறம் 2பி-யோட டிக் அடிச்சேன். அதுல எழுத என்ன இருக்கு?"

அதில்தான் எல்லாமே இருக்கிறது. மாதாமாதம் தாக்கல் செய்யும் சப்ளையர், விற்ற பில்லை 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1-இல் ஏற்ற வேண்டும். சப்ளையர்கள் அப்படி ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி 14-ஆம் தேதி நம் பக்கம் வரும். அதில் இல்லாத பில்லுக்கு, வாங்கும்போது கொடுத்த வரியை அந்த மாதம் வரிக் கழிவாக எடுக்க முடியாது, அந்தத் தொகையைக் கையிலிருந்து கட்ட வேண்டும். வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்னான 3பி-க்குக் கடைசி நாள் 20. நடுவில் இருக்கும் அந்த சில நாட்களில் எந்த பில் விட்டுப்போனது, ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் இவள் செய்த வேலை.

ஒரு ஹார்ட்வேர் கடையின் 180 பில்களில் 11 சேரவில்லையாம். 7 பில்லை சப்ளையர் ஏற்றவே இல்லை. மூன்றில் பில் நம்பரை இவர்களே தப்பாக அடித்திருந்தார்கள், 2பி-யில் பில் இருந்தும் இல்லாதது போலத் தெரிந்தது. மீதி ஒன்று அதே கடைக்காரரின் வேறு மாநிலக் கிளையின் ஜிஎஸ்டி எண்ணில் ஏறியிருந்தது. இதைப் போனில் மூச்சுவிடாமல் சொன்னவள் கடிதத்தில் ஒரு சொல்கூட எழுதவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

முதல் பத்தியை அடித்துவிட்டு இதையே நாலு வாக்கியமாக எழுதச் சொன்னேன். 'தாக்கல் செய்தேன்' போய் 'பில்களை 2பி-யோடு ஒப்பிட்டேன், சேராதவற்றைக் காரணத்தோடு பட்டியலிட்டு சீனியரிடம் கொடுத்தேன்' என்று வந்தது. தாக்கல் செய்ததாக எழுதினால் 3பி-யில் வரிக் கழிவு எந்த டேபிளில் வரும் என்று கேட்பார்கள், நான் கேட்பேன். அங்கே திணறினால் உண்மையாகச் செய்த வேலையையும் நம்ப மாட்டார்கள். 30 நாள் என்பதையும் அப்படியே போடச் சொன்னேன், சர்டிபிகேட்டில் தேதி இருக்கிறதே.

கடையின் பெயரையும் எழுதியிருந்தாள், அதை மட்டும் எடுக்கச் சொன்னேன். ஆடிட்டரை நம்பிக் கொடுத்த கணக்கு அது, 'ஒரு ஹார்ட்வேர் கடை' என்றாலே போதும்.